வன்னி நினைவுக்குறிப்பு ஒன்றை ஆங்கிலமாக்கும்போது: எந்தக் காலத்தை நிகழ்காலம் ஆக்குவது?

வன்னியில் எழுதப்பட்ட நினைவுக்குறிப்பை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்றால் எல்லாரும் முதலில் கவலைப்படுவது சொற்களைப் பற்றித்தான். வளவை என்ன செய்வது, படலையை என்ன செய்வது, அடிக்குறிப்புப் போடுவதா, சரிவெழுத்தில் போடுவதா என்று கதைத்துக்கொண்டே இருப்போம். அதெல்லாம் வேண்டிய கவலைதான். ஆனால் ஒரு அத்தியாயம் ஆங்கிலத்தில் குழம்பிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் சொல் அல்ல, வினைமுற்று. அதனால் இந்த ஒப்பீட்டில் காலத்துக்கு அதிக இடமும் சொற்களுக்குக் குறைந்த இடமும் கொடுக்கிறேன்.

கையில் இருப்பது ஒரே ஒரு அத்தியாயம். எழுதியவர் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் பிறந்து, படிப்பித்து, ஓய்வுபெற்றவர். ஊரே ரீச்சர் என்று கூப்பிடுவதால் இங்கேயும் ரீச்சர் என்றே சொல்கிறேன். போர் முடிந்து சில வருடங்கள் கழித்துத் தன் வளவுக்குத் திரும்பிப் போன ஒரு நாளை எழுதியிருக்கிறார். அதற்குள் 2009 வருகிறது, அதற்குள் அம்மம்மா வருகிறா, அம்மம்மாவுக்குள் அவ கலியாணம் முடித்து வந்த காலம் வருகிறது. அவருடைய அனுமதியோடு ஒரு பத்தியை அப்படியே தருகிறேன்.

"படலை இல்லை. படலை நின்ற இடத்தில் ஒரு பாலைக் குற்றி கிடக்கிறது. அம்மம்மா விடியப்புறம் எழும்பி வளவு கூட்டுவா. கிணற்றடியில் தொடங்கிப் படலைவரை கூட்டி முடித்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பா. அந்த மாசி மாதம் யாரும் கூட்டவில்லை. பங்கருக்குள் இருந்தோம். செல் வந்துகொண்டிருக்கிறது. அப்பா லாண்ட்மாஸ்டர் பெட்டியில் தறப்பாளை விரித்துக் கட்டுகிறார். 'வளவு கூட்டாமல் வெளிக்கிடுறதே?' என்று அம்மம்மா கேட்கிறா. அவ கலியாணம் முடித்து வந்தபோது இந்த வளவு முழுக்கக் காடாம். அப்பு பாலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் வெட்டினாராம். அடுத்த வளவில் செல் விழுந்து மாடு செத்துப்போனதாம். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை."

தமிழில் வாசிக்கும்போது இது எங்கேயும் தட்டுப்படுவதில்லை. ஒரு பத்திக்குள் நாலு காலம் வந்துபோகிறது, நாங்கள் கவனிப்பதுகூட இல்லை. ஏன் தட்டவில்லை என்று பார்த்தால்தான் ஆங்கிலத்தில் ஏன் தட்டும் என்பது விளங்கும்.

காலம் மாறுகிற இடங்களைக் கவனியுங்கள். "படலை இல்லை" என்பதில் காலமே கிடையாது. இன்றைக்கு இல்லை என்றும் எடுக்கலாம், அன்றைக்கு இல்லை என்றும் எடுக்கலாம். "கூட்டவில்லை" என்பதும் அப்படித்தான். "நேற்று வரவில்லை" என்றும் சொல்கிறோம், "நான் இப்ப வரவில்லை, நீ போ" என்றும் சொல்கிறோம். எதிர்மறையில் எங்கள் மொழி இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் பிரித்துக் காட்டுவதில்லை. "காடாம்" என்பதில் வினையே இல்லை. ரீச்சர் ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குப் போகும் முக்கியமான மூட்டுகளில் இப்படிக் காலம் சொல்லாத ஒரு வசனம் நிற்கிறது. வாசிப்பவர் அதில் கால்வைத்து அடுத்த பக்கம் போய்விடுகிறார். ஆங்கிலத்தில் அப்படி ஒரு முழு வசனம் எழுத முடியாது. "படலை இல்லை" என்று எழுதவே 'இஸ்' வேண்டுமா 'வாஸ்' வேண்டுமா என்று முதல் வரியிலேயே முடிவெடுக்க வேண்டும். மூலத்தில் ஆசிரியர் எடுக்காத முடிவை மொழிபெயர்ப்பவர் எடுக்க வேண்டி வருகிறது. அதை எப்படி எடுப்பது என்பதற்கு நாலு வழி இருக்கிறது.

உள்ளதை உள்ளபடி

முதலாவது, மூலத்தில் எந்த வினை எந்தக் காலத்தில் இருக்கிறதோ அதையே ஆங்கிலத்திலும் வைப்பது. நேர்மையான வழி போலத் தெரியும். செய்துபார்த்தால் இரண்டு இடத்தில் உடைகிறது.

முதல் உடைவு "கூட்டுவா", "குடிப்பா". வடிவத்தில் இவை எதிர்காலம். இங்கே பொருள் எதிர்காலம் அல்ல, வழக்கம். அம்மம்மா நாளைக்குக் கூட்டப்போவதில்லை, தினமும் கூட்டினவ. ஆங்கிலத்தில் 'வில்' போட்டால் இறந்துபோன அம்மம்மா நாளைக் காலை எழும்பித் தும்புத்தடி எடுக்கப்போகிறா என்று ஆகிவிடும். 'யூஸ்ட் டு' அல்லது 'வுட்' வரவேண்டிய இடம் இது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 'வுட்' தனியே நிற்காது, எந்தக் காலத்து வழக்கம் என்பதை முன்னாலேயே வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் முதல் வினைக்கு 'யூஸ்ட் டு', அடுத்ததற்கு 'வுட்', அதற்குப் பிறகு வந்தால் வெறும் இறந்தகாலம் என்று இறங்குவது நல்லது. ஐந்து வசனத்திலும் 'வுட்' 'வுட்' என்று வந்தால் பிரார்த்தனை மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது உடைவுதான் பெரியது. "கிடக்கிறது" என்பதும் "கட்டுகிறார்" என்பதும் தமிழில் ஒரே நிகழ்காலம். முதலாவது ரீச்சர் திரும்பிப்போன நாள். இரண்டாவது 2009. ஆங்கிலத்திலும் இரண்டையும் நிகழ்காலத்தில் வைத்தால், தமிழ் தெரியாத வாசகருக்கு அப்பா இப்போது, அந்தக் குற்றிக்குப் பக்கத்தில் நின்று, லாண்ட்மாஸ்டரில் தறப்பாள் கட்டுவது போலத்தான் தெரியும். மாசி மாதம் என்ற ஒரு சொல்லைத் தவிர அவருக்குப் பிடிக்க வேறு கயிறு இல்லை. எனவே இரண்டு நிகழ்காலத்தில் ஒன்றைக் கைவிட்டே ஆகவேண்டும். மிச்சம் மூன்று வழியும் எதைக் கைவிடுவது என்பதில்தான் வேறுபடுகின்றன.

எல்லாவற்றையும் இறந்தகாலம் ஆக்குவது

திரும்பிப்போன நாளையும் இறந்தகாலத்தில் சொல்லி, அதற்கு முந்தியதையெல்லாம் 'ஹாட்' போட்டுச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் படித்தவர் எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், இது பிழையும் இல்லை. ஒரு முன்நினைவு ஒரு பக்கம், இரண்டு பக்கம் நீளமாகப் போகிறது என்றால் இதுதான் நல்ல வழி. உள்ளே போகும்போது முதல் ஒன்றிரண்டு வினைக்கு மட்டும் 'ஹாட்' போட்டு, வாசகர் உள்ளே வந்ததும் அதை விட்டுவிட்டுச் சாதாரண இறந்தகாலத்தில் எழுதிக்கொண்டு போகலாம். வெளியே வரும்போது திரும்பிய நாளின் பொருள் ஒன்றைக் காட்டினால் போதும். இங்கே பாலைக் குற்றி அதற்கென்றே கிடக்கிறது.

எங்கள் பத்தியில் இது சரிவராததற்குக் காரணம் முன்நினைவின் நீளம். பதின்மூன்று வசனத்துக்குள் நாலு காலம். உள்ளே போக இரண்டு 'ஹாட்', வெளியே வர ஒரு அடையாளம் என்று கொடுத்துக்கொண்டிருந்தால் பத்தி முழுக்க வாசற்படியாகவே இருக்கும், வீடு இருக்காது. அதோடு ஆங்கிலத்தில் 'ஹாட்'டுக்குக் கீழே இன்னொரு படி இல்லை. 2009-ம் 'ஹாட்', அம்மம்மாவின் கலியாணமும் 'ஹாட்' என்றால் இரண்டு ஆழமும் ஒன்றாகிவிடுகிறது. காடு வெட்டினது செல்லடிக்குள் நடந்தது போலத் தோன்றலாம்.

இந்த வழி பிழைத்துப்போனதைக் கண்டுபிடிப்பது லேசு. வரைவை அச்சடித்து, பேனாவால் 'ஹாட்' எல்லாவற்றையும் வட்டம் போடுங்கள். ஒரு பத்தியில் மூன்றுக்கு மேல் வந்தால் அந்தப் பத்திக்கு இந்த வழி பொருந்தவில்லை என்று அர்த்தம்.

இன்று நிகழ்காலம், போர் இறந்தகாலம்

ஆங்கிலப் பதிப்பாசிரியர்களுக்கு மிகவும் பிடித்தது இது. வளவில் நிற்கும் நாள் நிகழ்காலம். படலை இல்லை, குற்றி கிடக்கிறது. 2009 சாதாரண இறந்தகாலம். அப்பா கட்டினார், அம்மம்மா கேட்டா. கலியாணக் கதைக்கு மட்டும் 'ஹாட்', அதுவும் ஒரு தடவை. மூன்று ஆழத்துக்கும் மூன்று வடிவம் சுத்தமாகக் கிடைக்கிறது. யாரும் வழி தவற மாட்டார்கள்.

சாட்சியமாக வாசிக்கப்படப் போகும் எழுத்துக்கு இதையே எடுங்கள் என்று சொல்வேன். ஆவணக் காப்பகத்துக்கோ, பல்கலைக்கழகப் பாடத்துக்கோ போகும் அத்தியாயத்தில் எது முந்தி எது பிந்தி என்பதுதான் முதல் தேவை. அழகு அதற்குப் பிறகு.

ஆனால் ரீச்சரின் அத்தியாயத்தில் இது ஒன்றை மாற்றிவிடுகிறது. தமிழில் அவர் "பங்கருக்குள் இருந்தோம்" என்று இறந்தகாலத்தில் தொடங்கி, அடுத்த வசனத்திலேயே "செல் வந்துகொண்டிருக்கிறது" என்று மாறுகிறார். அது தற்செயல் அல்ல. அத்தியாயம் முழுக்க, 2009-ஐச் சொல்லும்போது செல் வரும் இடத்தில் மட்டும் வினை நிகழ்காலத்துக்குப் போகிறது, செல் ஓய்ந்ததும் திரும்பிவிடுகிறது. எல்லாவற்றையும் 'வாஸ்' ஆக்கினால் அந்த வடிவம் காணாமல் போகும். இதை அவரிடம் கேட்டேன்.

"தம்பி, வளவுக்குப் போய்ப் பாத்திட்டு வந்தது ஒரு நாள் அலுவல். அதை நீங்கள் என்னண்டாலும் செய்யுங்கோ. லாண்ட்மாஸ்டர் நிண்ட இடத்தை மட்டும் 'அப்ப நிண்டது' எண்டு எழுதாதேங்கோ" என்றார்.

திருப்பிப் போடுவது

நாலாவது வழி அவர் சொன்னதிலிருந்து வந்ததுதான். திரும்பிப்போன நாளின் நிகழ்காலத்தைக் கைவிட்டு, 2009-இன் நிகழ்காலத்தை வைத்துக்கொள்வது. வளவுக்குப் போன நாள் இறந்தகாலம், அம்மம்மாவின் வழக்கம் 'யூஸ்ட் டு', செல்லடி நிகழ்காலம்.

காலண்டர்படி பார்த்தால் தலைகீழ். பிந்தியது இறந்தகாலத்திலும் முந்தியது நிகழ்காலத்திலும் இருக்கிறது. ஆனால் ஆங்கில வாசகர் காலண்டரைப் பார்த்து வாசிப்பதில்லை, இரண்டும் வேறு வேறு வடிவத்தில் இருந்தால் போதும், வழி கண்டுபிடித்துவிடுவார். இதில் எனக்குப் பிடித்த தொழில்நுட்ப இலாபம் ஒன்றும் உண்டு. செல்லடிக் காட்சி நிகழ்காலத்தில் இருப்பதால் அதற்குள் வரும் கலியாணக் கதைக்கு 'ஹாட்' தேவையே இல்லை, சாதாரண இறந்தகாலமே போதும். அத்தியாயத்தின் இறுக்கமான இடத்தில் ஒரு துணைவினை குறைகிறது.

செலவும் இருக்கிறது. தமிழில் வசனத்துக்கு வசனம் மாறலாம், ஆங்கிலத்தில் அப்படி மாறினால் இலக்கணப் பிழை என்று திருத்திவிடுவார்கள். ஆகவே மாற்றம் பத்தியின் ஓரத்தில் நடக்க வேண்டும். "பங்கருக்குள் இருந்தோம்" என்பதோடு ஒரு பத்தியை முடித்து, "செல் வந்துகொண்டிருக்கிறது" என்பதைப் புதுப் பத்தியாகத் தொடங்கினேன். நிகழ்காலம் வந்தால் நாலைந்து வசனமாவது நிற்க வேண்டும். ஒற்றை வசனத்துக்கு மட்டும் வந்துபோனால் தவறுதலாக வந்தது போலத்தான் இருக்கும். ஆகவே இந்த வழியை எடுத்தால் மூலத்தின் பத்திப் பிரிப்பை மாற்ற வேண்டி வரும். அதற்கு ஆசிரியர் சம்மதிக்க வேண்டும்.

"நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை" என்ற கடைசி வசனம் எந்தக் காலம் என்று ரீச்சரிடம் கேட்டபோது சிரித்தார், பதில் சொல்லவில்லை. தமிழில் தேவையும் இல்லை. நிகழ்காலப் பத்திக்குள் இருப்பதால் நிகழ்காலத்திலேயே விட்டேன். தமிழில் இருந்த இரட்டைத்தன்மை போய்விட்டது. அதைக் காப்பாற்ற வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

செல்லடிக் காட்சி பத்துப் பக்கம் போனால் இந்த வழியை எடுக்க மாட்டேன். நிகழ்காலம் நீண்டால் சூடு ஆறிவிடும், வாசகர் அது நிகழ்காலம் என்பதையே மறந்துவிடுவார். ரீச்சரின் அத்தியாயத்தில் மிக நீளமான செல்லடி ஒரு பக்கத்துக்குள் அடங்குகிறது.

'ஆம்' என்ற சிறிய ஒட்டு

எந்த வழியை எடுத்தாலும் தனியாகக் கவனிக்க வேண்டியது இது. "காடாம்", "வெட்டினாராம்", "செத்துப்போனதாம்" மூன்றிலும் அதே ஒட்டு, நான் காணவில்லை, சொல்லக் கேட்டேன் என்பதுதான் அதன் பொருள். ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டுகிற இப்படி ஒன்று இல்லாததால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

காடு விஷயத்தில் விட்டால் பெரிய நட்டம் இல்லை. பேரப்பிள்ளை பிறக்க முந்தி நடந்தது, கேட்டறிந்தது என்பது யாருக்கும் விளங்கும். மாடு விஷயம் அப்படியல்ல. "அடுத்த வளவில் செல் விழுந்து மாடு செத்தது" என்று ஆங்கிலத்தில் எழுதினால் ரீச்சர் கண்ணால் கண்ட சாட்சியாகிவிடுகிறார். அவர் அப்போது பங்கருக்குள் இருந்தவர், காணவில்லை. காணாததைக் காணவில்லை என்றுதான் தமிழில் எழுதியிருக்கிறார். 2009 பற்றி எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருநாள் கேள்வி கேட்கப்போகிறார்கள். அந்த ஒட்டை விட்டால் அவருடைய நேர்மையை நாங்கள் எடுத்துவிடுகிறோம்.

இதற்கு உரிய ஆங்கிலம் எது என்று தேடினால் அகராதி தரும் சொல் நீதிமன்றச் சொல்லாக இருக்கும். 'அலெஜ்ட்லி' போட்டால் மாடு சாகவில்லை என்று சந்தேகப்படுவது போல ஆகும். 'இட் இஸ் செட்' பழங்கதை போல இருக்கும். யார் சொன்னது என்று கண்டுபிடித்து அவரை வசனத்துக்குள் கொண்டுவருவதுதான் சரி. காட்டுக் கதைக்கு 'அம்மம்மா சொல்லுவா' என்று ஒரு தடவை போட்டால் இரண்டு வசனத்துக்கும் போதும். மாட்டைப் பற்றி யார் சொன்னது என்று ரீச்சரிடம் கேட்டேன். பங்கர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த அயல்வீட்டுப் பொடியன் கத்திச் சொன்னானாம். ஆங்கிலத்தில் அவன் வசனத்துக்குள் வந்துவிட்டான். மூலத்தில் இல்லாத ஆள். ஆசிரியர் உயிரோடு இருந்து, கேட்கக்கூடியவராக இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. கேட்க முடியாவிட்டால் 'எங்களுக்குச் சொன்னார்கள்' என்ற அளவோடு நிறுத்த வேண்டும், ஆளைக் கற்பனை செய்யக் கூடாது.

இனிச் சொற்கள்

சொற்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழிகள் தெரிந்தவைதான். சரிவெழுத்தும் அடிக்குறிப்பும், பின்னால் சொற்பட்டியல், ஆங்கிலச் சொல், வசனத்துக்குள்ளேயே மறைவாக விளக்கம், எதுவும் இல்லாமல் வெறுமனே விடுவது. ஒரு நூலுக்கு ஒரு வழி என்று சிலர் எடுக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒவ்வொரு சொல்லும் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

சரிவெழுத்தை மட்டும் முழுதாக விட்டுவிட்டேன். தன்மையில் எழுதப்பட்ட எழுத்தில் அம்மம்மா என்ற சொல் சாய்ந்து நின்றால், பேத்தியே தன் அம்மம்மாவை வெளியாள் போலப் பார்ப்பது போல இருக்கிறது.

'வளவு' அத்தியாயம் முழுக்க வருகிறது, அம்மம்மா கேட்கும் கேள்வியே அதைப் பற்றித்தான். அதைத் தமிழிலேயே வைத்தேன். விளக்கத்துக்கு அடிக்குறிப்புத் தேவைப்படவில்லை. கிணற்றடியில் தொடங்கிப் படலைவரை கூட்டுவா என்று ரீச்சரே எழுதியிருக்கிறார். அந்த வசனத்தில் இச்சொல்லை வைத்தால் வீட்டைச் சுற்றிய வேலிக்குள் இருக்கும் நிலம் என்பது வாசகருக்குத் தானாக விளங்கும். 'கொம்பவுண்ட்' என்று இலங்கை ஆங்கிலத்தில் சொல்வோம்தான், ஆனால் வெளியே அது முகாமையும் இராணுவத்தையும் நினைவுபடுத்தும் சொல். வன்னிக் கதையில் அது வேண்டாத நிழல். விளக்கம் எப்போதும் சொல் முதலில் வரும் இடத்தில், அமைதியான வசனத்தில் இருக்க வேண்டும். செல்லடிக்குள் நின்று யாருக்கும் விளக்கம் சொல்ல முடியாது. ஒரு சொல் முதன்முதல் வருவதே செல்லடிக்குள் என்றால், முன்னால் இருக்கும் அமைதியான பத்தியில் அதை ஒரு தடவை நுழைத்துவிடலாமா என்று ஆசிரியரைக் கேட்பேன்.

படலையை ஆங்கிலச் சொல்லாக்கினேன், ஆனால் முதல் தடவை தடியாலும் மட்டையாலும் கட்டியது என்று சேர்த்தேன். இல்லாவிட்டால் வாசகர் இரும்பு கேற்றை நினைப்பார்.

தறப்பாள், பங்கர், செல் மூன்றும் ஆங்கிலத்திலிருந்து வந்து எங்கள் வாயில் ஊறியவை. திருப்பிக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. லாண்ட்மாஸ்டர் அப்படி இல்லை. அது ஒரு தயாரிப்பின் பெயர், இங்கே இரண்டு சில்லு உழவு இயந்திரம் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. வெளியூர் வாசகர் ஏதோ பெரிய ஜீப் வண்டி என்று நினைக்கக்கூடும். ஒரு குடும்பத்தின் முழுச் சாமானும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஏறியது என்பதுதான் காட்சி, ஆகவே முதல் தடவை இரண்டு சில்லு என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பாலை மரத்தில் ஒரு குழி இருக்கிறது. அகராதியைத் திறந்தால் பாலை என்றதும் பாலைவனம் நிற்கும், சங்கப் பாடல் படித்தவருக்கு ஐந்திணை நினைவு வரும். ரீச்சரின் பாலை, பால் ஒட்டும் மஞ்சள் பழம் தரும் எங்கள் காட்டு மரம். 'அயன்வுட்' என்று எழுதலாம் என்றார் ஒரு நண்பர். அந்தப் பெயரில் உலகத்தில் பல மரங்கள் இருக்கின்றன. பாலை என்றே விட்டு, மரம் என்ற சொல்லையும் பழத்தையும் ஓரிடத்தில் சேர்த்தேன்.

அத்தியாயத்தின் பின்பகுதியில் கஞ்சி வருகிறது. இதில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொல் இருக்கிறது, மூன்றும் வேறு யாருடையவோ சாப்பாடு. 'பொரிட்ஜ்' காலைச் சாப்பாடு. 'குரூவல்' பழைய ஆங்கில நாவல்களின் அநாதை விடுதி. 'கொஞ்சீ' சீன உணவகம், இத்தனைக்கும் அந்தச் சொல்லே எங்கள் கஞ்சியிலிருந்து போர்த்துக்கீசர் வழியாகப் போனது. முள்ளிவாய்க்காலில் வாங்கிக் குடித்த கஞ்சி இவற்றில் எதுவும் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் வடக்கு கிழக்கில் அதே கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்து நினைவுகூருகிறார்கள், ஆகவே இன்று அது ஒரு சாப்பாட்டின் பெயர் மட்டும் அல்ல. தமிழிலேயே வைத்தேன். அரிசி, தண்ணீர், உப்பு என்று ரீச்சர் வரிசையில் நின்ற காட்சியில் ஒரு தடவை வருகிறது. நினைவுகூரல் பற்றி வசனத்துக்குள் எதுவும் சேர்க்கவில்லை, ஏனென்றால் வரிசையில் நின்ற அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது.

உறவுமுறையில் ஒரு நடைமுறைச் சிக்கல். அப்பா, அப்பு இரண்டும் ஆங்கிலத்தில் கடைசி எழுத்து மட்டும் மாறும். வேகமாக வாசிப்பவர் ஒருவரை மற்றவராக எடுத்துவிடுவார். அதோடு அப்பு என்பது சில வீட்டில் தகப்பன், சில வீட்டில் பாட்டன். ரீச்சர் வீட்டில் அது அம்மம்மாவின் புருசன். அப்புவைத் தமிழில் வைத்து, அப்பாவை 'என் தந்தை' என்ற பொருளில் ஆங்கிலச் சொல்லாக மாற்றினேன். உறவுச் சொல் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லி வந்த விதிக்கு இது விலக்கு, இருக்கட்டும்.

கடைசியாக மாசி. இந்தியாவில் மாசி என்றால் பெப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் நடுவில் முடியும் மாதம். எங்கள் ஊரில் பெரியவர்கள் தை, மாசி, பங்குனி என்று ஆங்கில மாதங்களையே சொல்வதும் உண்டு, அப்படிப் பார்த்தால் மாசி முழுக்கப் பெப்ரவரி. வேறு எந்த வருடமானாலும் பெரிய விஷயம் இல்லை. 2009-இல் ஜனவரி பிற்பகுதியில் ஒரு பாதுகாப்பு வலயம் அறிவித்தார்கள், பெப்ரவரி 12 அன்று புதுமாத்தளன் கரையோரமாக இன்னொன்றை அறிவித்தார்கள். லாண்ட்மாஸ்டர் எந்தப் பக்கம் திரும்பியது என்பது இரண்டு மாசிக்கும் இடையிலான அந்த இரண்டு கிழமை வித்தியாசத்தில் இருக்கிறது. ரீச்சர் சொன்னது ஆங்கிலப் பெப்ரவரி, அதுவும் தொடக்கம். ஆங்கிலத்தில் பெப்ரவரி என்றே போட்டேன், மாசி என்று வைத்து அழகு காட்டவில்லை.

வாசிக்கக் கொடுப்பது

வரைவை இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஒருவர் போதாது. வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தால் காலக் குழப்பத்தை நன்றாகப் பிடிப்பார்கள், ஆனால் அம்மம்மாவும் கஞ்சியும் அவர்களுக்கு வீட்டிலேயே தெரியும், ஆகவே சொற்களுக்கு அவர்கள் சரியான சோதனை அல்ல. தமிழோடு தொடர்பே இல்லாத இன்னொருவர் வேண்டும். பிடித்ததா என்று கேட்காதீர்கள், எல்லாரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் இது எந்தக் காலம் என்று பென்சிலால் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் தவறினால் அந்த மூட்டில் திருத்தம் தேவை. ஒருவர் மட்டும் தவறினால் விட்டுவிடலாம். எங்கள் வரைவில் இருவரும் கலியாணக் கதை முடிந்து மாடு தொடங்கும் இடத்தில் தடுக்கினார்கள். அயல்வீட்டுப் பொடியனைக் கொண்டுவந்த பிறகு அது தீர்ந்தது.

பதிப்பாசிரியருக்கு அனுப்பும்போது காலமாற்றம் வேண்டுமென்றே செய்தது என்று இரண்டு வரிக் கடிதம் எழுதி, மாறும் இடங்களின் பக்க எண்ணையும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படி திருத்துபவர் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் 'வாஸ்' ஆக்கி அனுப்புவார், அச்சுக்குப் போன பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.